வவுனியா வெயிலும் லே வெயிலும்

சித்திரை மத்தியானம் 35 பாகை. வன்னியில் எந்த விமானத்துக்கும் இது கஷ்டமான நேரம்தான். வவுனியா ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 270 அடி. விமானவியல் கணக்கில் அந்த உயரத்துக்கான இயல்பு வெப்பநிலை 14.5 பாகை. மிஞ்சும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி கூட்டினால், அடர்த்தி உயரம், அதாவது காற்றின் மெலிவுக்கு ஈடான உயரம், 2,700 அடி. காற்று கடல்மட்டத்தை விட 8 வீதம் மெலிவு.

லடாக்கின் லே விமான நிலையம் ஏறத்தாழ 10,700 அடி. அங்கே 25 பாகைதான், நமக்குக் குளிர்ச்சி! ஆனால் அந்த உயரத்தின் இயல்பு மைனஸ் 6. அதே கணக்கில் 14,400 அடி, மெலிவு 36 வீதம்.

வேகமானி அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தை. அதனால் ஒரு சிறிய விமானத்தின் வேகமானி இரண்டு இடத்திலும் 60 நொட்டில்தான் "எழும்பு" என்கிறது. தரையில் சில்லு ஓடுவதோ வவுனியாவில் 62, லேயில் 75. வேகத்தின் வர்க்கப்படி ஓட்டம் நீளும். இஞ்சின் குறையாவிட்டாலும் லேயில் கடல்மட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு பாதை வேண்டும். இஞ்சினும் குறையும், அதுதான் வினை. பறக்கத் தேவையானது போக மிஞ்சும் வலுவில்தான் விமானம் ஏறுகிறது. முதலில் கரைவதும் அதுவே. வன்னியில் மெதுவாக ஏறினால் கீழே காடும் குளமும். லேயில் சுற்றிலும் மலை. அதனால்தான் அங்கே பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்புகின்றன.