"பாப்பம்" என்ற பதிலும் 230 இலையும்

அக்காவின் மூத்தவளுக்கு ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமை கலியாணம். எழுத்துவேலை எனக்கு விழுந்தது. ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று நிரல் கீறினேன்: ஓம், இல்லை, பாப்பம். அக்காவும் அத்தானும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வர வர, நான் இரவில் அவர்களைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். மொத்தம் 92 வீடு. கடைசியில் ஓம் நிரலில் 190 தலை, பாப்பம் நிரலில் 110 தலை. இல்லை என்ற நிரலில் ஒன்பது வீடுதான். அதிலும் நாலு வீடு துடக்கு வீடு. 31ஆம் நாள் அந்தியேட்டி முடியாமல் அவர்கள் வர ஏலாது, அதில் ஆருக்கும் மனக்குறை இல்லை. மிச்சம் ஐந்து வீடுதான் வாய் திறந்து "வரமாட்டம்" என்று சொன்ன வீடுகள்.

சமையல்காரர் வியாழன் பின்னேரம் கணக்குக் கேட்டார். ஒரு இலைக்கு 1,800 ரூபா பேசியிருந்தது. 110 பேரில் எத்தனை பேர் வருவினம்? அத்தான் பாதி என்றார், அக்கா நாலில் ஒன்று என்றாள். இழுபறிப்பட்டு 40 என்று முடித்து 230 இலை சொன்னோம். அவர் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் சமைப்பார், 245 பேர் வரை சமாளிக்கலாம் என்றார்.

ஞாயிறு வந்தது 253 பேர். ஓம் சொன்ன 190 பேரில் 172 பேர் வந்தார்கள். பாப்பம் சொன்ன 110 பேரில் 81 பேர். கடைசிப் பந்திக்குச் சோறு இருந்தது, கறி இல்லை. அக்கா, அத்தான், நான், பந்தி விசாரித்த மருமக்கள் என்று எட்டுப் பேர் வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பயத்தில் முழுக்கணக்காக 300 சொல்லியிருந்தால் 47 இலை மிஞ்சியிருக்கும். 84,600 ரூபா. அந்தக் காசுக்கு வீடியோக்காரரின் மிச்சத்தை முடித்திருக்கலாம் என்று அத்தான் இப்பவும் சொல்லுவார்.

இதில் எனக்குப் பிடிபட்ட விசயம் ஒன்று. "பாப்பம்" கெட்ட சொல் இல்லை, அது கிடாரத்துக்குப் பிறந்த சொல். முந்தி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத்தான் கலியாணம். முதல் நாள் இரவு அயலெல்லாம் கூடி மரக்கறி வெட்டும். கூட ஆள் வந்தால் இன்னொரு அடுப்பு மூட்டுவார்கள், குறைந்தால் சோறு கறி அயலுக்குப் போகும். பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் கிடாரத்துக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் "பாப்பம், ஏலுமெண்டா வாறம்" என்பதால் ஆருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. இப்போது மண்டபம், இலைக்கு இவ்வளவு என்று பேசி, மூன்று நாள் முன்னால் எண்ணிக்கை. சமையல் மாறிவிட்டது, எங்கட வாய் மாறவில்லை.

சரி, மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் "ஓம்". எல்லாரும் நினைக்கிற மாதிரி இதுதான் நம்பகமான பதில் என்றில்லை. தட்டத்தோடு வாசலில் நிற்கிறவைக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லுகிற ஓம், பாதி மரியாதை. "கட்டாயம் வாறம்" என்பதை நான் இப்போது கணக்கில் எடுப்பதேயில்லை; கட்டாயம் என்று அழுத்திச் சொன்னவர்களில்தான் அந்த 18 பேரும் இருந்தார்கள். உண்மையான ஓம் எது என்பதை அடுத்த கேள்வியில் பிடிக்கலாம். "எத்தினை பேர் வருவியள்?" என்று கேளுங்கள். "நானும் மனுசியும், சின்னவனுக்கு ரியூசன்" என்று எண்ணிக்கை வந்தால் அது ஓம். "எங்கட வானில வரட்டோ, நீங்கள் வாகனம் ஏதும் விடுறியளோ?" என்றால் இன்னும் நல்ல ஓம். "அதுக்கென்ன, எல்லாரும்தான்" என்றால் பென்சிலால் எழுதுங்கள்.

"இல்லை" என்பது இங்கே சொல்லக் கஷ்டமான சொல். நல்ல காரியம் சொல்ல வந்தவையிடம் முகத்துக்கு நேரே மாட்டன் என்பது அபசகுனம் போல. அதனால் அந்த இடத்தில் சொல்லத் தேவையில்லை என்பது என் கட்சி. கார்டைக் கையில் வாங்குங்கள், பிள்ளையைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி நாலு கதை கேளுங்கள், தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ போன் எடுத்து, "அண்டைக்குக் கொழும்பில நிக்க வேண்டி வருது, எங்களைக் கணக்கில போடாதேங்கோ, முதல் கிழமை வந்து பிள்ளையைப் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. "கணக்கில போடாதேங்கோ" என்பதுதான் இதில் முக்கியமான துண்டு. அது இல்லாமல் "கஷ்டம் போல கிடக்கு" என்று மட்டும் சொன்னால், சொல்ல வந்தவர் அதைப் பாப்பம் என்றுதான் எழுதுவார். நானும் அப்படித்தான் எழுதினேன். நீண்ட காரணமும் வேண்டாம். காரணம் நீள நீள, எதிரில் இருக்கிறவர் அதற்குத் தீர்வு சொல்லத் தொடங்குவார்: "அப்ப இரவு பஸ்ஸில வந்திட்டு விடியப் போங்கோவன்." பிறகு தப்ப வழியில்லாமல் பாப்பம் என்றுதான் முடியும்.

அந்த ஐந்து வீட்டாரில் எவரோடும் அக்காவுக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கோபம் வந்தது, பாப்பம் என்றுவிட்டு ஐந்து பேராக வந்து இறங்கிய ஒரு வீட்டோடு. வந்ததற்காகக் கோபமில்லை. சனிக்கிழமை இரவு தீர்மானித்தவர்கள் ஒரு போன் அடிக்கவில்லை என்பதுதான்.

இனிப் "பாப்பம்". இதை ஒரே பதிலாக எடுத்தால் பிழைக்கும். எதற்கு அழைத்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும்.

மண்டபக் கலியாணத்தில் அது காசுதான். வானில் அது வேறு. போன வருசம் வவுனியாவில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போக 14 பேர் வான் பிடித்தோம், போக மட்டும் 140 கிலோமீற்றர். இரண்டு பேர் பாப்பம் என்று இரண்டு சீற்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களுக்காக மாமி ஒருவரை வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. விடிய ஐந்து மணிக்கு இருவரும் வரவில்லை. இலை மிஞ்சினால் காசு போகும். சீற்று மிஞ்சினால் வர விரும்பின ஒரு மனுசியின் மனம் போகும். சீற்று, படுக்கை, அறை என்று ஒருவர் வைத்திருந்தால் மற்றவர் பெறமுடியாத எதற்கும் பாப்பம் சொல்லவே கூடாது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று விட்டுவிட்டு, கடைசியில் இடம் இருந்தால் கேட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

வீட்டில் ஆறு பேருக்கு இராச்சாப்பாடு என்றால் இன்னும் மோசம். புட்டு அவித்து நண்டுக்கறியும் வைத்துவிட்டு, எட்டரைக்கு வரலாம் வராமலும் விடலாம் என்கிற ஒருவருக்காகக் காத்திருந்தால் புட்டு காய்ந்துபோகும். ஏற்கெனவே வந்த நாலு பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். 250 பேரில் ஒருவர் வராதது தெரியாது, ஆறு பேரில் ஒருவர் வராதது கதிரையாகவே தெரியும்.

ஆனால் பாப்பம்தான் நேர்மையான பதிலாக இருக்கிற நேரமும் உண்டு. தகப்பன் ஆஸ்பத்திரியில், மகளுக்கு மாதம் நிறைந்திருக்கிறது, தாதிக்கு அடுத்த மாத டியூட்டி இன்னும் போடவில்லை, வெளிநாட்டுத் தம்பிக்கு லீவு உறுதியில்லை. இவர்களை ஓம் இல்லை என்று நெருக்கினால் பொய்தான் வரும். அப்போது பாப்பத்தை எப்படிச் சொல்வது என்பதை அந்தக் கொப்பியில் ஒரேயொரு பெண்ணிடம் கண்டேன். அக்காவோடு படித்த தாதி. அவள் சொன்னது: "டியூட்டி புதன்கிழமை போடுவினம். புதன் இரவு எட்டுக்குள்ள சொல்லுறன். நான் சொல்லாட்டி வரேல்ல எண்டு வையுங்கோ." எதில் தொங்குகிறது, எப்போது தெரியும், சத்தமில்லாவிட்டால் என்ன எழுதுவது என்று மூன்றும் இருக்கிறது. அந்த நாளும் சமையல்காரரின் வியாழனுக்கு முன்னால் இருக்கிறது, அதைக் கேட்டறிந்துதான் புதன் என்றாளாம். அவளுடைய பெயருக்கு நேரே எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

இன்னும் ஒரு பாப்பம் இருக்கிறது, அதைத் தோண்டக்கூடாது. என்வலப்புக்குள் வைக்கக் காசில்லை, பிள்ளைகளுக்கு உடுப்பில்லை, ஓட்டோக்காசு இல்லை. இதை ஆர் வாய்விட்டுச் சொல்லுவார்? பாப்பம் என்பார்கள். அல்லது காணிப் பிரச்சினையில் பத்து வருசமாகக் கதையாத இரண்டு வீடு. அழைப்பது கடமை, போவது முடியாது, ஆனால் இல்லை என்றால் மிச்சமிருக்கிற நூலும் அறும். இரண்டு பக்கத்துக்கும் விளங்கிய பாப்பம் அது. அதை இல்லை என்று எழுதிவிட்டு முகத்தில் காட்டாமல் இருப்பது அழைத்தவரின் வேலை. முதல் வகையில் இருப்பவருக்கு அக்கா ஒரு வேலை செய்தாள்: "பந்தி விசாரிக்க ஆள் காணாது, மோளை விடிய அனுப்பிவிடு, நாங்கள் வாகனம் விடுறம்" என்றாள். வேலைக்கு வருகிறவள் என்வலப் கொண்டுவரத் தேவையில்லை. தாயும் கூடவே வந்தாள்.

இந்த வருசம் சின்னவளின் கலியாணமும் முடிந்தது. அதற்குக் கொப்பியில் மூன்றாம் நிரலை இரண்டாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் பெயர், மற்றதில் "எப்ப சொல்லுவினம்". நாள் எழுதாத பாப்பம் எல்லாவற்றுக்கும் வியாழன் காலை நானே போன் எடுக்கிறதாக முடிவு செய்திருந்தேன். கரவெட்டியில் அக்காவுக்குப் படிப்பித்த ரீச்சர், கார்ட் கிடைத்த அன்றே தானாக எடுத்தார்: "பிள்ளை, முழங்கால் ஏலாது, நான் வரமாட்டன். என்ர இலையை வேற ஆருக்கும் போடு." அத்தான் கலியாணத்தன்று பின்னேரம் ஒரு சோத்துப் பார்சலோடு கரவெட்டிக்குப் போய்வந்தார். பாயாசம் ஏன் வைக்கேல்ல என்று கேட்டாராம்.