15% ரூலா, எஃபெக்ட் சைஸா, ஆங்கரா? டிஎல்க்யூஐ ஸ்கேலை நம்ம நோயாளிகளுக்கு மாத்தி எடுக்கும்போது எதை வச்சு செக் பண்றது

ஸ்கின் ஓபில சொரியாசிஸ் நோயாளிகளுக்கு டிஎல்க்யூஐ கொடுத்து தீசிஸ் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. தோல் நோய் ஒருத்தரோட வாழ்க்கைய எவ்ளோ பாதிக்குதுன்னு அளக்க கார்டிஃப்ல ஃபின்லேயும் கானும் 1994ல வெளியிட்ட பத்து கேள்வி ஸ்கேல் அது. கேள்விக்கு 0லருந்து 3 வரைக்கும், மொத்தம் 30, எல்லாமே போன ஒரு வாரத்த பத்தி. மொழிபெயர்ப்பு, பேக் டிரான்ஸ்லேஷன், க்ரான்பேக் ஆல்ஃபா வரைக்கும் எல்லாரும் ஒழுங்கா பண்ணிடறாங்க, ஆனா ஸ்கோர் ஒரு முனைல குவியுதாங்கற ஃப்ளோர் சீலிங்கும், நிஜ மாற்றத்த ஸ்கேல் பிடிக்குதாங்கற ரெஸ்பான்ஸிவ்னெஸ்ஸும் வரும்போது ஆளுக்கு ஒரு முறைய எடுத்து ஒரு டேபிள போட்டு முடிச்சிடறாங்க. எந்த முறை எதை காட்டும், எதை மறைக்கும்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கலாம். கீழ வர்ற நோயாளி நம்பர் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு, எந்த ஸ்டடிலருந்தும் எடுத்தது இல்ல.

முதல்ல ஒரு விஷயம், டிஎல்க்யூஐல 0தான் நல்லது, 30தான் மோசம். எஸ்எஃப்-36ங்கற பொது உடல்நல ஸ்கேல்ல இது அப்படியே தலைகீழ். அதனால வெறுமனே ஃப்ளோர்னு எழுதினா படிக்கறவங்களுக்கு எந்தப் பக்கம்னு புரியாது, நான் இங்க நல்ல முனை, மோச முனைன்னே சொல்றேன், நீங்களும் ரிப்போர்ட்ல ஒரு வரி அப்படி எழுதிடுங்க.

இப்ப 15% ரூல். 1995ல மெக்ஹார்னியும் டார்லாவும் சொன்னது, அப்புறம் 2007ல டெர்வீ குழு போட்ட தர அளவுகோல்லயும் இருக்கு: குறைஞ்சது 50 பேர் இருக்கற சாம்பிள்ல 15 சதவீதத்துக்கு மேல கடைசி ஸ்கோர்லயே உக்காந்திருந்தா பிரச்சனை இருக்குன்னு அர்த்தம். சுலபமா எண்ணிடலாம், எல்லா ரிவ்யூவரும் ஏத்துப்பாங்க. நம்ம கணக்குல 120 சொரியாசிஸ் நோயாளிங்க, சிகிச்சை ஆரம்பிக்கற அன்னிக்கு 0 வாங்கினவங்க 8 பேர், 30 வாங்கினவங்க யாருமே இல்ல. 6.7%, பாஸ். பெரும்பாலும் இங்கயே நிறுத்திடறாங்க.

ஆனா ஸ்கோர் 2 வச்சிருக்கறவர் என்ன ஆவார்னு யோசிங்க. டிஎல்க்யூஐக்கு 2015ல பாஸ்ரா குழு கொடுத்த குறைஞ்சபட்ச முக்கிய மாற்றம் 4 பாயிண்ட், அதாவது நோயாளிக்கு வித்தியாசம் தெரியணும்னா 4 குறையணும். 2ல இருக்கறவர் 4 குறையவே முடியாது, தோல் முழுக்க சுத்தமானாலும் ஸ்கேல்ல அவர் "முன்னேறாதவர்"தான். அவரை 15% ரூல் எண்ணவே எண்ணாது, ஏன்னா அவர் 0ல இல்லையே. அதனால 0ல இருக்கறவங்கள மட்டும் எண்ணாம 4க்கு கீழ இருக்கற எல்லாரையும் எண்ணுங்க, இவங்கள நான் "நகர இடம் இல்லாதவங்க"ன்னு சொல்றேன். ஆர்ல ரெண்டே வரி, baseங்கறது ஆரம்ப ஸ்கோர்:

```r
mean(base == 0) * 100
mean(base < 4) * 100
```

நம்ம 120 பேர்ல ரெண்டாவது வரிக்கு 26 பேர் வர்றாங்க, 21.7%. அதே டேட்டா, அதே ஸ்கேல், முதல் வரில பாஸ், ரெண்டாவதுல அஞ்சுல ஒருத்தர் அவுட். என் கருத்துல ரெஸ்பான்ஸிவ்னெஸ் பார்க்கப் போறீங்கன்னா ரெண்டாவது எண்ணிக்கைதான் முக்கியம், முதலாவத மரியாதைக்கு கூடவே போடுங்க. 12 வாரம் கழிச்சு எடுக்கற ஸ்கோர்லயும் இதே மாதிரி எண்ணணும், அங்க 34 பேர் 0ல நிக்கறாங்கன்னா அடுத்த விசிட்டுக்கு அந்த ஸ்கேல் அவங்ககிட்ட இனிமே ஒரு முன்னேற்றத்தையும் காட்டாது.

முனைல கூட்டம் ஏன் சேருதுன்னு பார்க்காம சதவீதம் மட்டும் சொன்னா பாதி வேலைதான். மொத்த ஸ்கோருக்கு பதிலா கேள்வி கேள்வியா பார்க்கற முறை இங்கதான் ஜெயிக்குது. டிஎல்க்யூஐல மூணாவது கேள்விலருந்து "எனக்கு பொருந்தாது"ன்னு ஒரு பதில் இருக்கு, அதுக்கும் மார்க் 0, "இல்லவே இல்ல"ங்கற பதிலுக்கும் 0. கிராமத்துலருந்து வர்ற 62 வயசு அம்மா ஒருத்தங்கள எடுத்துக்கோங்க, கணவர் இல்ல, வேலைக்கும் போகல, விளையாட்டு கேள்வி, வேலை கேள்வி, தாம்பத்திய கேள்வி மூணுமே அவங்களுக்கு பொருந்தாது. மீதி ஏழு கேள்வில எல்லாத்துலயும் உச்சமா சொன்னாலும் 21தான் வரும், 30 அவங்களுக்கு கிடையவே கிடையாது. அப்ப மோச முனைல 30 யாருமே வாங்கலன்னு சந்தோஷப்படறதுல என்ன இருக்கு?

அந்த அம்மாவோட ஸ்கோர் 9னு வைங்க. 2018ல ரென்ட்ஸ் குழு முன்வச்ச டிஎல்க்யூஐ-ஆர் கணக்குப்படி பொருந்தற கேள்விகளுக்கு மட்டும் விகிதம் எடுத்து 30க்கு மாத்தணும்:

```
9 × 30 / (30 − 3 × 3) = 12.9
```

9னா "மிதமான பாதிப்பு", 12.9னா "ரொம்ப பெரிய பாதிப்பு" பட்டைக்குள்ள போயிடுது (11லருந்து 20 வரை). கடுமையான சொரியாசிஸ்னு சொல்ல ஃபின்லே 2005ல சொன்ன பத்து பத்து விதில டிஎல்க்யூஐ 10க்கு மேலங்கறதும் ஒண்ணு, அந்த அம்மா கோட்டுக்கு எந்தப் பக்கம்ங்கறத ஸ்கோரிங் முறையே முடிவு பண்ணுது. அதனால டேட்டா என்ட்ரில "பொருந்தாது"க்கு 0 போடாதீங்க, 8னு தனி கோட் குடுங்க, ஸ்கோர் கூட்டும்போது மாத்திக்கலாம். 0ன்னு ஏத்திட்டா அப்புறம் எத்தனை பேர் நிஜமாவே பாதிக்கப்படல, எத்தனை பேருக்கு கேள்வியே பொருந்தலன்னு ஃபார்ம திரும்ப தேடி எடுத்தாத்தான் தெரியும்.

கேள்வி கேட்கற விதமும் இதுல சேரும். ஒன்பதாவது கேள்வியை மகன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது மருந்து எழுதற டாக்டரே வாசிச்சு கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க"ன்னுதான் பதில் வரும், நாலாவது கேள்வி துணி பத்தி, அதுக்கு மட்டும் தயங்காம நிறைய மார்க் விழும். ஒரு கேள்வில மட்டும் முக்கால்வாசி பேர் 0ல குவிஞ்சா, தானே படிச்சு டிக் பண்ணவங்க ஒரு பக்கம், வாசிச்சு கேட்கப்பட்டவங்க ஒரு பக்கம்னு பிரிச்சு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா முதல்ல கேட்ட முறையத்தான் சந்தேகப்படணும், ஆனா வாசிச்சு கேட்கப்பட்டவங்க பொதுவா வயசானவங்களாவும் இருப்பாங்க, அதனால வயசையும் சேர்த்து பிரிச்சுட்டுத்தான் முடிவுக்கு வரணும்.

ரெஸ்பான்ஸிவ்னெஸ்ல மூணு முறை போட்டி போடுது. பேர்டு டி-டெஸ்ட்ட சீக்கிரமே தள்ளிடலாம், அதோட பி வேல்யூ சாம்பிள் எவ்ளோ பெருசுங்கறதையும் சேர்த்துதான் பேசுது, 500 பேர் இருந்தா ஒரு பாயிண்ட் மாற்றமே சிக்னிஃபிகன்ட் ஆகிடும்.

அடுத்தது எஃபெக்ட் சைஸ், அதோட தம்பி எஸ்ஆர்எம். சராசரி மாற்றத்த ஆரம்ப எஸ்டியால வகுத்தா முதலாவது, மாற்றத்தோட எஸ்டியால வகுத்தா ரெண்டாவது. நம்ம 120 பேருக்கு சராசரி 11லருந்து 6க்கு இறங்குது, ஆரம்ப எஸ்டி 6.5, மாற்றத்தோட எஸ்டி 5.5. எஃபெக்ட் சைஸ் 0.77, எஸ்ஆர்எம் 0.91. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே ஓபில ஆரம்ப ஸ்கோர் 10க்கு மேல இருக்கறவங்கள மட்டும் சேர்த்திருந்தா எஸ்டி சுருங்கி 4 ஆகும், மாற்றம் 7.5 வரும் (அதுல கொஞ்சம் உச்சத்துல இருந்தவங்க தானா சராசரிய நோக்கி இறங்கறதும் கலந்திருக்கும்), உடனே எஃபெக்ட் சைஸ் 1.9. ஸ்கேல்ல ஒரு எழுத்து மாறல, யாரை சேர்த்தோம்ங்கறது மட்டும்தான் மாறிச்சு. இன்னொண்ணு, பெரிய எஃபெக்ட் சைஸ்னா மருந்து நல்லா வேலை செஞ்சுதுங்கறதும் அதுல அடங்கியிருக்கு, வேலை செய்யாத மருந்த குடுத்துட்டு எஃபெக்ட் சைஸ் சின்னதா இருக்குன்னு ஸ்கேல குத்தம் சொல்ல முடியுமா? இந்த மாதிரி ஸ்கேல்கள எப்படி சோதிக்கணும்னு சொல்ற காஸ்மின் வழிகாட்டுதல் இத தனியா வச்சு முடிவு பண்ணாதீங்க, எவ்ளோ மாற்றம் எதிர்பார்க்கறீங்கன்னு முன்னாடியே எழுதி வச்சு சோதிங்கன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான்.

மூணாவது ஆங்கர், அதாவது ஸ்கோர் மாற்றத்த ஸ்கேலுக்கு வெளிய இருக்கற ஒரு அளவோட ஒப்பிடறது. 12 வாரம் கழிச்சு "ஆரம்பிச்சப்ப இருந்ததுக்கு இப்ப எப்படி இருக்கு"ன்னு ஒரே கேள்வி, ரொம்ப மோசம்லருந்து ரொம்ப நல்லது வரைக்கும் ஏழு படி. முன்னேறினேன்னு 70 பேர், அப்படியேன்னு 38, மோசம்னு 12. ஸ்கோர் குறைஞ்ச சராசரி முறையே 8.0, 1.4, மோசமானவங்களுக்கு 1.5 ஏறியிருக்கு. வரிசை சரியா இருக்கு. முன்னேறினவங்களையும் மத்தவங்களையும் மாற்ற ஸ்கோர் எவ்ளோ பிரிக்குதுன்னு ஆர்ஓசி போட்டா ஏயுசி 0.80, 0.70 கோட்டை தாண்டியாச்சு.

இங்க நிறுத்தாதீங்க, முன்ன எண்ணின அந்த 26 பேர தனியா எடுங்க. அவங்கள்ல 16 பேர் நல்லாயிருக்குன்னு சொன்னவங்க, ஆனா அவங்க ஸ்கோர் சராசரியா குறைஞ்சது 1.1தான், மாறலன்னு சொன்னவங்களோட 1.4ஐ விட கம்மி. மீதி 54 பேருக்கு 10 குறைஞ்சிருக்கு. 26 பேருக்குள்ள ஏயுசி 0.5 பக்கத்துல நிக்குது, அதாவது பூவா தலையா போட்டு பாக்கற அளவுக்குத்தான். ஆள் கம்மி, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் அகலமாத்தான் வரும், இருந்தாலும் அந்த இன்டர்வலோட சேர்த்து ரிப்போர்ட் பண்ணுங்க. மொத்தமா 0.80ன்னு எழுதினா லேசான நோய் உள்ளவங்ககிட்ட இந்த ஸ்கேல் எதையும் கண்டுபிடிக்கலங்கறது வெளியவே தெரியாம போயிடும்.

ஆங்கர்லயும் ஓட்டை இருக்கு. மூணு மாசம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும், இன்னிக்கு அரிப்பு இல்லன்னா "நல்லா ஆயிடுச்சு"ம்பாங்க. கண்டுபிடிக்க வழி இருக்கு, ஆங்கர் பதில ஆரம்ப ஸ்கோரோடயும் 12ஆவது வார ஸ்கோரோடயும் தனித்தனியா கோரிலேட் பண்ணுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட சம அளவுல, எதிரெதிர் திசைல வரணும். கடைசி ஸ்கோரோட மட்டும் பலமா வந்து ஆரம்ப ஸ்கோரோட 0 பக்கம் இருந்தா, அவங்க மாற்றத்த சொல்லல, இன்னிக்கு நிலைமைய சொல்லியிருக்காங்க. அதுக்காக சொரியாசிஸ் தோல்ல எவ்ளோ தீவிரம்னு அளக்கற பாசி ஸ்கோர மட்டும் ஆங்கரா வச்சா ஞாபகப் பிரச்சனை போயிடும், ஆனா அது டாக்டர் கண்ணுல படற தோல், கையிலயும் முகத்துலயும் மட்டும் இருக்கறவங்களுக்கு பாசி கம்மியா இருந்தும் வாழ்க்கை கஷ்டமா இருக்கலாம். அதனால பாசியோட நடுத்தரமான கோரிலேஷன், 0.3லருந்து 0.5ன்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு பாருங்க. ரெண்டு ஆங்கரும் வச்சுக்கறதுதான் என் வழி.

நகர இடம் இல்லாதவங்க அதிகம்னு தெரிஞ்சா டிஎல்க்யூஐ கேள்விகள நீங்களா மாத்தாதீங்க, காப்பிரைட் இருக்கு, மாத்தினா மத்த ஸ்டடிகளோட ஒப்பிடவும் முடியாது. உங்க ஓபிக்கு லேசான சொரியாசிஸ், முகப்பரு மாதிரி ஆளுங்கதான் அதிகம் வர்றாங்கன்னா ஸ்கின்டெக்ஸ்-29ஐ பக்கத்துல வச்சு அதே செக்குகளையும் போடுங்க, அது கோபம், வெட்கம், கவலைன்னு உணர்வுகளுக்கு தனி பிரிவே வச்சிருக்கு, லேசான நோய்லயும் கொஞ்சம் இறங்க இடம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா கேள்வி நீளம், பார்க்கறது போன நாலு வாரத்த, அதனால சிகிச்சை ஆரம்பிச்சு ரெண்டாவது வாரத்துல கொடுத்தா பழைய நாட்களும் சேர்ந்தே ஸ்கோர்ல விழும். டபிள்யூஎச்ஓக்யூஓஎல்-ப்ரெஃப் மாதிரி பொது ஸ்கேல ரெஸ்பான்ஸிவ்னெஸ்ஸுக்காக எடுக்காதீங்க, தோல் சரியாகறது அந்த 26 கேள்வில அங்கங்கதான் தட்டுப்படும்.