ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறதா? எம்சிபி சோதனை, மெகர், லீக்கேஜ் கிளாம்ப்: எது எதற்கு?

சுங்கை சிப்புட் பக்கத் தாமான்களில், கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்தால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு சர்க்கிட்டுக்கும் தனித்தனியாக உள்ள எம்சிபி சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குவது. எதைத் தூக்கும்போது விழுகிறதோ அதில்தான் கோளாறு என்பது கணக்கு. செலவில்லை, இவை இருக்கும் டிபி பெட்டியின் மூடியைத் திறக்கவும் வேண்டாம். வாட்டர் ஹீட்டர் கெட்டிருந்தால் இதிலேயே பிடிபட்டுவிடும்.

ஆனால் நம் வீட்டு எம்சிபி பெரும்பாலும் லைனை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் வயர், எல்லா நியூட்ரலும் சேரும் பாரிலேயே இருக்கும். அது எங்காவது எர்த்தைத் தொட்டால், எம்சிபியை இறக்கினாலும் கோளாறு போகாது. இங்கேதான் இந்த முறை நிரபராதியை மாட்டிவிடும்.

ஒரு டெரஸ் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஏர்கோன் போட்டால் சில நாள் 100 மில்லிஆம்ப் ஆர்சிசிபி விழும், சில நாள் விழாது. "புது ஏர்கோன்தான் அண்ணே, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்றார் வீட்டுக்காரர். ஏர்கோனில் ஒன்றுமில்லை. லோடு ஏறும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சிறிய வோல்டேஜ் எழும். கேட் தூண் விளக்கின் நியூட்ரல் தோல் உரிந்து எர்த்தைத் தொட்டிருந்தது. அந்த வழியின் மொத்தத் தடை 10 ஓம் என்று வையுங்கள். 1 வோல்ட் எழுந்தாலே 100 மில்லிஆம்ப் ஓடிவிடும். 50-ஐத் தாண்டினாலே அந்த ஆர்சிசிபி விழலாம். தூண் விளக்கின் எம்சிபி இறங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இதைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. இரண்டும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை, ஏனென்றால் மெயின் சுவிட்சை இறக்கினாலும் மீட்டரிலிருந்து வரும் முனைகளில் கரண்ட் இருக்கும்.

மெகர் என்பது வயரின் இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி. இந்த முறையில் மெயினை இறக்கி, சாமான்களைக் கழற்றி, நியூட்ரல் வயர்களை பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, எர்த்தோடு 500 வோல்ட்டில் சோதிப்பார்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த சர்க்கிட்தான். தீர்ப்பு தெளிவாக வரும். ஆனால் வேலை மெதுவானது.

லீக்கேஜ் கிளாம்ப் வயரைச் சுற்றிக் கவ்வி, கசியும் கரண்டை அளக்கும். இதில் எந்த வயரையும் கழற்ற வேண்டாம். ஒரு சர்க்கிட்டின் லைனையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால், நல்ல சர்க்கிட் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். எம்சிபி இறங்கியும் சில மில்லிஆம்ப் தெரிந்தால் நியூட்ரல் கோளாறு. சாதாரண ஆம்ப் கிளாம்ப் இதற்கு ஆகாது, மில்லிஆம்ப் படிக்கும் கிளாம்பே வேண்டும்.

நான் முதலில் கிளாம்பைத்தான் எடுப்பேன், அப்புறம் சந்தேகப்பட்ட சர்க்கிட்டை மட்டும் மெகரில் உறுதி செய்வேன். பல சர்க்கிட்டில் கொஞ்சம் கொஞ்சமாக லீக்கேஜ் சேர்ந்து விழுந்தாலும் கிளாம்ப் காட்டிக்கொடுத்துவிடும்; மெகரில் அது தெரியாது. ஒரு விஷயம்: மழைக்குப் பிறகு மட்டும் விழும் வீட்டுக்கு, வெயில் காய்ந்த நாளில் வயர்மேனைக் கூப்பிட்டால் இரண்டு கருவியும் நல்ல ரீடிங்தான் காட்டும். சாயங்கால மழை விட்டதும் வரச் சொல்லுங்கள்.