ரெஜிஸ்ட்ரி லாக்குடன் சில வருடங்கள்: எதைக் காக்கிறது, எதைக் காக்காது

எங்கள் முக்கியமான .com டொமைனின் விவரங்களை யாரும் எளிதில் மாற்றிவிடாதபடி பூட்டும் ரெஜிஸ்ட்ரி லாக் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. டூ-ஃபேக்டர் லாகினும், உரிமையாளரின் விவரங்களைப் பொதுப் பதிவில் மறைக்கும் ஹூயிஸ் பிரைவசியும் அதற்கு முன்பே இருந்தன. மூன்றில் பணம் கொடுத்தாலும் தகும் என்று நான் சொல்வது இந்த லாக்கைத்தான்.

காரணம், 2013 ஆகஸ்டில் நடந்தது. மெல்போர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராரின், அதாவது டொமைன் பதிவு செய்து தரும் நிறுவனத்தின், ரீசெல்லர் ஒருவரின் லாகின், ஃபிஷிங் மூலம் திருடுபோனது. அதை வைத்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் nytimes.com எங்கே இருக்கிறது என்று உலகுக்குச் சொல்லும் நேம்சர்வரையே ஹேக்கர்கள் மாற்றிவிட்டார்கள். அதே ரெஜிஸ்ட்ராரிடம் இருந்த twitter.com-க்கு ரெஜிஸ்ட்ரி லாக் இருந்ததால் அதன் நேம்சர்வர் அசையவில்லை. பத்திரிகை தன் பக்கம் எவ்வளவு வலுவான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. உடைந்தது அவர்களுடைய கணக்கே அல்ல.

ரெஜிஸ்ட்ரார் பேனலில் இலவசமாகக் கிடைக்கும் லாக் வேறு. அந்தக் கணக்குக்குள் நுழைந்தவர் அதை ஒரே கிளிக்கில் எடுத்துவிடலாம். ரெஜிஸ்ட்ரி லாக், .com முழுவதையும் நடத்தும் ரெஜிஸ்ட்ரியான வெரிசைனிடம் போடப்படுவது. உங்களிடம் எது இருக்கிறது என்று இப்படிப் பார்க்கலாம்:

```
whois example.com | grep -i status
```

clientTransferProhibited என்பது ரெஜிஸ்ட்ரார் லாக். serverUpdateProhibited, serverTransferProhibited, serverDeleteProhibited என்று server-இல் தொடங்கும் மூன்றும் தெரிந்தால்தான் ரெஜிஸ்ட்ரி லாக் விழுந்திருக்கிறது. பில்லை நம்பாமல் இதைப் பாருங்கள்.

தினசரி வாழ்க்கையில் தொந்தரவு உண்டா? நேம்சர்வரையோ, டிஎன்எஸ் பதில்கள் போலி இல்லை என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக்கின் டிஎஸ் ரெக்கார்டையோ மாற்றும்போது உண்டு. முன்பே பெயர் கொடுத்து வைத்தவர் கேட்க வேண்டும், ரெஜிஸ்ட்ரார் கூப்பிட்டு அடையாளம் சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் லாக் திறக்கும். அவசரமாக டிஎன்எஸ் நிறுவனத்தை மாற்ற நினைத்தால் இந்தத் தாமதம் உறுத்தும். அனுமதி பெற்ற ஆள் வேலையை விட்டுப் போனால் உடனே பட்டியலைப் புதுப்பியுங்கள். டொமைனைப் புதுப்பிப்பதை இந்த லாக் தடுக்காது. கட்டணம் கட்ட மறந்தால் காப்பாற்றவும் செய்யாது.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. லாக் காப்பது நேம்சர்வர் பெயர்கள், டிஎஸ் ரெக்கார்டு என ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் பதிவை மட்டும். வெப்சைட்டின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டும், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் டிஎன்எஸ் நிறுவனத்தின் பேனலில் இருக்கின்றன. அங்கே ஒருவர் நுழைந்தால், மேலே எல்லாம் பூட்டியிருக்க, உங்கள் மெயில் வேறு சர்வருக்குப் போகும். அதனால் டூ-ஃபேக்டரை ரெஜிஸ்ட்ராரோடு நிறுத்தாமல் டிஎன்எஸ் பேனலுக்கும், பாஸ்வேர்டு ரீசெட் வந்து சேரும் மெயில் கணக்குக்கும் போட்டேன். எஸ்எம்எஸ் கோடு வேண்டாம், சிம்மை ஏமாற்றி மாற்றிவிட முடியும். ஹார்டுவேர் கீ நல்லது. அந்த மெயில் முகவரி இதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் போனால் மீட்கும் வழியும் கூடவே போய்விடும்.

ஹூயிஸ் பிரைவசி போட்டபின் போலி ரெனியூவல் மெயில்கள் குறைந்தன. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் திரைக்குப் பின்னால் ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கும் பெயரும் முகவரியும் உண்மையாக இருக்கட்டும். டொமைன் கைமாறிப்போனால் உரிமையை நிரூபிக்க அவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.