ட்ரெண்டிங் டேகா, தேடும் சொல்லா: ஒரு மிக்ஸி ஜார் வீடியோவின் கதை

வீட்டுச் சாமான் ரிப்பேர் பற்றி யூடியூபில் சின்னதாக ஒரு சேனல் நடத்துகிறேன். ஆரம்பத்தில் எந்த வீடியோ போட்டாலும் #trending, #viral, அப்புறம் அந்த வாரம் ஊரே பேசும் படத்தின் பெயர் என்று இருபது டேக் ஒட்டிவிடுவேன். வேலை சுலபம்தான். ஆனால் மிக்ஸி ஒழுகுகிறவர் யாரும் #viral என்று தேடுவதில்லை. சம்பந்தமில்லாத டேக் போடுவது யூடியூப் விதிகளுக்கும் விரோதம்.

இப்போது முழுக்கத் தேடும் சொல் பக்கம் வந்துவிட்டேன். காரணம் ஒன்றுதான்: ட்ரெண்டிங் டேக் அந்த வாரத்தோடு செத்துவிடும், அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. தேடலுக்காக வைத்த தலைப்பை மாதங்கள் கழித்தும் திருத்தலாம்.

மிக்ஸி ஜார் அடியில் தண்ணீர் ஒழுகினால் புஷ் மாற்றுவது பற்றி ஒரு வீடியோ. முதலில் வைத்த தலைப்பு ‘இனி கடைக்குப் போகவே வேண்டாம்!’. ஆளே வரவில்லை. பிறகு யூடியூப் தேடல் பெட்டியில் mixie jar என்று அடித்து, கீழே என்னென்ன வருகிறது என்று பார்த்தேன். நம்மவர்கள் பேசுவது தமிழ், அடிப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. அதனால் தலைப்பை ‘மிக்ஸி ஜார் ஒழுகுதா? புஷ் மாற்றலாம் | mixie jar leakage repair in tamil’ என்று மாற்றினேன். mixi, mixy போன்ற எழுத்துப்பிழைகளை டேக் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டிக்கு இன்று உள்ள பயன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விவரத்தில் மூன்றே ஹாஷ்டேக். தலைப்போடு சேர்ந்து தெரிவதும் மூன்றுதான். அறுபதைத் தாண்டினால் யூடியூப் எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டூடியோவில் YouTube search என்ற வரியைத் திறந்தேன். எந்தச் சொல்லை அடித்து வந்தார்கள் என்று அதில் தெரியும். mixie jar tight என்று தேடியும் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் ஜாரின் பிளேடு இறுகிச் சுற்றாதவர்கள். என் வீடியோவில் அதற்குப் பதில் இல்லை, அரை நிமிடத்தில் போய்விட்டார்கள். அந்தச் சொல்லையும் இதே தலைப்பில் திணித்தால் ஏமாந்து போகிறவர்கள்தான் கூடுவார்கள். அதனால் அதற்குத் தனி வீடியோ எடுத்தேன்.

தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான். தேடலில் நிறையப் பேர் கண்ணில் பட்டும் கிளிக் குறைவு என்றால் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பாருங்கள். கிளிக் செய்துவிட்டு உடனே ஓடினால், அநேகமாகச் சொல் ஒன்று, வீடியோவில் இருப்பது வேறொன்று.

நான் சொல்வது ரிப்பேர், சமையல் மாதிரி ஆட்கள் கேள்வியோடு வரும் விஷயங்களுக்குத்தான். காமெடி, டான்ஸ் ஷார்ட்ஸ் போடுகிறவர்களுக்கு யாரும் தேடி வருவது குறைவு. அங்கே ஓடுகிற பாட்டோடு ஓடுவதே லாபமாக இருக்கலாம். நான் அதில் இறங்கியதில்லை.