போர் மோட்டார் டிரை ரன்: உள்ளே இறக்கும் சென்சாரா, ஆம்பியர் பார்க்கும் பேனலா?

தண்ணீர் வற்றி பம்பு காற்று வாங்க ஆரம்பித்ததும் மோட்டாருக்குச் சுமை குறைகிறது. ஆம்பியர் ஏறாது, இறங்கும். ஏறினால் மட்டும் டிரிப் ஆகும் ஓவர்லோடு ரிலேக்கு இது தெரியவே தெரியாது. மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தாலும், அதை உரசிக்கொண்டு மேலேறும் ஓட்டம் நின்றுவிட்டதால் சூடு வெளியேற வழியில்லை. பம்பின் புஷ்ஷும் இம்பெல்லரும் தண்ணீரின் வழுவழுப்பில்தான் சுழல்கின்றன. முதலில் தேய்வது அவை, பிறகு காயில் போகும். அதனால் மூன்று பேஸ் மோட்டாருக்கு டிரை ரன் பாதுகாப்பு தனியாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, பம்புக்குச் சற்று மேலே ஒரு சென்சார், அதற்குச் சில மீட்டர் மேலே இன்னொன்று என்று காலம் பைப்போடு ஒயர் கட்டி இறக்குவது. மட்டம் கீழ் சென்சாரை விட்டு இறங்கினால் மோட்டார் நிற்கும். மேல் சென்சாரைத் தொட்டால் மறுபடி ஓடும். இன்னொன்று, பேனலுக்குள்ளேயே சி.டி. வழியாக ஆம்பியரை அளந்து, வைத்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது.

நான் பரிந்துரைப்பது இரண்டாவதை. காரணம் பராமரிப்பு. சென்சார் முறை கொள்கையளவில் நேர்த்தியானது. பம்பு காற்று வாங்கும் முன்பே நிறுத்திவிடும். ஆனால் உப்பும் இரும்பும் கலந்த தண்ணீரில் சென்சார் மேல் படிவு கட்டினால், தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லும். மேல் ஊற்றிலிருந்து வழியும் தண்ணீர் சென்சாரை நனைத்துக்கொண்டே இருந்தால், வற்றியும் இருக்கிறது என்று சொல்லும். பைப் இறக்கும்போது கேசிங்கில் உரசி ஒயர் அறுவதும் உண்டு. எதுவானாலும் சரிசெய்ய 300 அடி பைப்பை மேலே எடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு யோசித்து, பேனலில் சென்சார் முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். அன்றோடு பாதுகாப்பு போயிற்று. ஆம்பியர் பேனலில் எது கெட்டாலும் ஷெட்டுக்குள் நின்றே மாற்றலாம்.

ஆனால் அதன் உயிர் செட்டிங்கில் இருக்கிறது. உதாரணமாக, ஒரு 7.5 எச்.பி. மோட்டார் நன்றாகத் தண்ணீர் தள்ளும்போது டாங் டெஸ்டரில் 12.5 ஆம்பியர் காட்டுகிறது; காற்று வாங்கும்போது 8. இரண்டுக்கும் நடுவே 10 ஆம்பியரில் டிரை ரன்னை வைத்து, 5 நொடி தாமதம் கொடுக்கலாம். பைப் நிறையும் வரை ஆரம்பத்தில் சிறிது நேரம் பார்க்காமல் விடவும் வேண்டும். நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் பம்பு உண்மையில் இழுக்கும் அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம். இன்னொரு சிக்கல் இரவு வோல்டேஜ். 450 வோல்ட் வரும்போது சுமையில்லாத மோட்டாரும் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். பகலில் 8 காட்டியது 9-ஐத் தாண்டலாம். ஆகவே வோல்டேஜ் அதிகமாக வரும் நேரத்திலும் ஒருமுறை அளந்து பாருங்கள். கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டும் பழக்கமுள்ளவர்கள் அந்த நிலையிலும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இருக்கும்போதே டிரிப் ஆகும்.

பேஸ் போவதற்கும் ஆம்பியர் பார்ப்பதே உறுதியானது. ஓடும் மோட்டாரில் ஒரு பேஸ் அறுந்தால், அந்தக் கம்பியில் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் பிரிவென்டர் அதில் ஏமாறக்கூடும். அதற்குள் மற்ற இரண்டு பேஸிலும் ஆம்பியர் ஏறக்குறைய 1.7 மடங்காகிவிடும். ஆனால் ஸ்டார்ட் ஆகும் முன்பே பேஸ் இல்லாததையும், பேஸ் மாறி வந்திருப்பதையும் காட்டுவது வோல்டேஜ் பிரிவென்டர்தான். இரண்டும் சேர்ந்த பேனலாக வாங்குங்கள்.

லோ வோல்டேஜுக்கு 350-இல் நிறுத்தி 375-இல் விடுவது பெரும்பாலான தோட்டங்களுக்குப் பொருந்தும். நீளமான லைனில் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் அதற்கும் கீழே விழும். அப்போது டிரிப் ஆகாதபடி சில நொடி தாமதம் இருக்க வேண்டும்.

ஒற்றை பேஸ் 1 எச்.பி. வீட்டு மோட்டாருக்கு இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். அங்கே தண்ணீரோடு ஓடும் ஆம்பியருக்கும் காற்றில் ஓடும் ஆம்பியருக்கும் இடைவெளி குறைவு. அதற்குச் சென்சாரோ, வாட் அளக்கும் பேனலோ நல்லது.

ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ளவர்கள் வாங்கும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். டிரை ரன்னில் நின்ற பேனலின் மெயினை அணைத்துப் போட்டால், சில மாடல்கள் எல்லாவற்றையும் மறந்து உடனே மோட்டாரை ஓட்டும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில், ஊற்று ஊறவே விடாமல் வற்றிய போரில் மோட்டார் திரும்பத் திரும்ப ஓடும். மின்சாரம் திரும்பிய பிறகும், ஊற்று ஊற நீங்கள் வைத்த 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ முடியும் வரை காத்திருக்கும் மாடலையே எடுங்கள்.