காலி பண்ணச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா? வாடகை வீட்டில் வியாபாரம் நடக்கும்போது

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கீழே அம்மா, மாடியில் வாடகைக்கு ஒரு இளம் குடும்பம். இரண்டு வருடம் ஒரு சிக்கலும் இல்லை. போன ஆடியில் அந்தப் பெண் பக்கத்துத் தெரு விடுதிக்கு இட்லி சாம்பார் செய்து கொடுக்க ஆரம்பித்தார். முதலில் பத்துப் பேருக்கு. தை பிறப்பதற்குள் எண்பது பேருக்கு. விடியற்காலை நாலு மணிக்கு டில்டிங் கிரைண்டர் ஓடும்போது அம்மாவின் கட்டிலுக்கு மேலே தளம் அதிரும். மாடிப்படித் திருப்பத்தில் 19 கிலோ கடை சிலிண்டர் இரண்டு நிற்கும். கிரைண்டர் கழுவும் தண்ணீர் இறங்கி, கீழே சமையலறைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஓதம் பிடித்துவிட்டது.

"ஏம்மா, சத்தம் தாங்கலையே" என்று அம்மா நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். "சரிங்கம்மா, இந்த வாரத்தோட குறைச்சிடறேன்" என்று பதில் வரும், குறையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது நாலு வழிகள் வந்தன.

அண்ணன் சொன்னது, மோட்டாரை நிறுத்து, தண்ணீர் இல்லாவிட்டால் தானாகப் போய்விடுவார்கள் என்று. இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதே இல்லை. வாடகைதாரரின் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டமே தடுக்கிறது. தவறு அவர்கள் பக்கம் இருக்கும்போது புகாரை நம் பக்கம் திருப்பிக்கொள்ளும் வேலை அது. தவிர, மேலே மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த வீட்டுக் குழாயை மூட எனக்கு மனசும் வராது.

பெரியப்பாவின் யோசனை, மாதம் மூவாயிரம் சேர்த்து வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்பது. நிறையப் பேர் செய்வது இதுதான், நிறையப் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். தொழில் நடப்பது தெரிந்தே, அதற்காகக் கூடுதல் பணமும் வாங்கிவிட்டால், நாளைக்கு "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று எந்த முகத்தோடு சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல் மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் ஓடிய மாடி மீட்டர் 1,150 யூனிட்டுக்குப் போயிருந்தது. இணைப்பு அம்மா பெயரில், வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பில் வியாபாரம் நடந்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மூவாயிரம் மூவாயிரமாக வாங்கியது ஒரே நாளில் போய்விடும்.

அனுமதிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன், ஒரு தையல் மிஷின், லேப்டாப்பில் கணக்கு எழுதும் வேலை என்றால் நான் தாராளமாக ஒத்துக்கொள்வேன். வீட்டின் மேல் கூடுதல் பாரம் இல்லை, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. அதற்கும் என்ன தொழில், எந்த அறையில், எத்தனை மணி வரை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், மின் கட்டண வகை மாற வேண்டுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எண்பது பேர் சமையலை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குடியிருக்கும் வீட்டின் படிக்கட்டில் நிற்கும் சிலிண்டர் ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

மிச்சம் இரண்டு வழிகள். உடனே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடு என்றார் சித்தி. தொழிலை மட்டும் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம் என்றேன் நான். கேட்க ஒன்று போலத் தோன்றினாலும், சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு.

பழைய 1960-ம் ஆண்டுச் சட்டத்தில், எதற்காக வாடகைக்கு விட்டோமோ அதை விட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாலே அது வெளியேற்ற ஒரு தனிக் காரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ம் ஆண்டுப் புதுச் சட்டம் "தவறான பயன்பாடு" என்று சொல்கிறது. கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பது, பொதுத் தொல்லை, கட்டடத்துக்குச் சேதம், உரிமையாளர் நலனுக்குக் கேடு, சட்டவிரோதச் செயல் ஆகியவை அதில் வரும். அதுவும், நிறுத்தச் சொல்லி உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் வெளியேற்றக் காரணமாகும். ஆகவே "காலி செய்" என்று மட்டும் எழுதினால் நடுவில் ஒரு படி விட்டுப்போகும். வாடகை நீதிமன்றத்தில் முதல் கேள்வியே, நிறுத்தச் சொன்னீர்களா என்பதாக இருக்கும். "வியாபாரம் செய்கிறார்கள்" என்ற ஒற்றை வரியும் போதாது, என்ன கெடுதல் நடந்தது என்று காட்ட வேண்டும்.

அதனால் எங்கள் நோட்டீஸில் ஆத்திரத்தை எழுதவில்லை, கண்ணால் பார்த்ததை எழுதினோம். ஒப்பந்தத் தேதி, "குடியிருப்புக்கு மட்டும்" என்ற நிபந்தனை எண், எந்தெந்தத் தேதியில் நாலு மணிக்கு கிரைண்டர் ஓடியது, சிலிண்டர் நிற்கும் இடம், இரண்டு மின் ரசீதுகளின் யூனிட், ஓதத்தின் அளவு. கடைசிப் பத்தி இது: "விற்பனைக்காகச் சமைப்பதையும், வணிக கிரைண்டர், வணிக சிலிண்டர் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பதையும் 15 நாட்களுக்குள் நிறுத்திவிடக் கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்துடன் குடியிருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை." ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நகலும் அட்டையும் புகைப்படங்களும் ஒரே கவரில் இருக்கின்றன.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, tenancy.tn.gov.in வழியாகப் பதிவும் ஆகியிருக்க வேண்டும். பதிவாகாத தாளை ஆதாரமாக வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. எங்களுடையது தற்செயலாகப் பதிவாகியிருந்தது. இல்லாதவர்கள் நோட்டீஸ் அனுப்பும் முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் என்றால், நோட்டீஸோடு சேர்த்து, புதுப்பிக்கப் போவதில்லை என்பதையும் அப்போதே எழுத்தில் சொல்லிவிடலாம்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்தப் பெண் கீழே வந்தார். கண் கலங்கியிருந்தது. "வெளிய போகச் சொல்லலையேம்மா, அது போதும்" என்றார். கடைசி வரியை எழுதியது அதற்காகத்தான். அவர் மூன்று வாரம் கேட்டார், அம்மா கொடுத்தார், அதையும் எழுதி வாங்கினோம். மெயின் ரோட்டில் ஒரு சின்ன ஷட்டர் கடையை இன்னொருவரோடு பங்குக்கு எடுத்து, கிரைண்டரை அங்கே கொண்டுபோய்விட்டார். ஃபோனில் ஆர்டர் எடுப்பதும் கணக்கும் மட்டும் வீட்டில் நடக்கிறது.

அடுத்த ரீடிங்கில் மாடி மீட்டர் 510 யூனிட் காட்டியது. ஓதத்தைக் கொத்திப் பூச மேஸ்திரி 6,500 ரூபாய் கேட்டார். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டபோது, அந்தப் பெண் மாதம் ஆயிரமாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இதுவரை இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்.